முதல் படம் இடைவேளையோடு முடியட்டும்

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். என் மகளுக்கு மூன்று வயது நான்கு மாதம் ஆகிறது. தீபாவளிக்கு வரும் பெரிய நடிகர் படத்துக்கு முதல் நாள் இரவுக் காட்சிக்கே குடும்பத்தோடு போகலாம் என்கிறார் என் கணவர். படம் இரண்டே முக்கால் மணி நேரமாம். மகள் இதுவரை தியேட்டருக்குள் போனதே இல்லை. மிக்ஸி ஓடினாலும் குக்கர் விசில் அடித்தாலும் காதைப் பொத்திக்கொண்டு ஓடிவந்து என்னைக் கட்டிக்கொள்வாள். “காதில் பஞ்சு வைத்தால் போதும், பாதியில் தூங்கிவிடுவாள், நாங்களெல்லாம் கைக்குழந்தையோடு டெண்டு கொட்டகைக்குப் போகவில்லையா?” என்கிறார் மாமியார். போகப் போகப் பழகிவிடும் என்கிறார் கணவர். எனக்கோ ஒரே படத்தில் அவள் காது போய்விடுமோ என்று பயம். அழைத்துப் போனால் அவளுக்கும் டிக்கெட் எடுக்க வேண்டுமா? பாலும் இட்லியும் கொண்டுபோக விடுவார்களா? அழுது பாதியில் வெளியே வந்தால் பணம் திரும்பக் கிடைக்குமா? — வாசகி, ஈரோடு.

பதில்: அன்புள்ள வாசகிக்கு, முதலில் உங்கள் பயத்தைக் கொஞ்சம் குறைத்துவிடுகிறேன். வழக்கமான ஒலி அளவில் ஓடும் ஒரு படத்தை ஒருமுறை பார்ப்பதால் ஒரு குழந்தைக்கு நிரந்தரமாகக் காது கேட்காமல் போவது நடக்கக்கூடிய காரியம் அன்று. எனவே “காது போய்விடும்” என்ற வாதத்தை வைத்துக் கணவரோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அதில் நீங்கள் தோற்றுவிடுவீர்கள். ஆனால் முதல் நாள், இரவுக் காட்சி, இரண்டே முக்கால் மணி நேரம், சண்டைப் படம் என்ற நான்கும் ஒன்றுசேர்வது உங்கள் மகளுக்கு ஏற்றதன்று என்பதில் எனக்கும் உங்களுக்கும் கருத்து வேறுபாடு இல்லை. தியேட்டர் வேண்டாம் என்று சொல்லாமல், இந்தப் படமும் இந்தக் காட்சியும் வேண்டாம் என்று சொல்லுங்கள்.

சத்தம் உண்மையில் எவ்வளவு

உலக சுகாதார நிறுவனம் செல்பேசி, ஹெட்போன் போன்ற கருவிகளுக்காக ஒரு கணக்கு வகுத்திருக்கிறது. அதன்படி குழந்தைகளுக்கு வாரம் 40 மணி நேரத்துக்கு 75 டெசிபல் என்பது பாதுகாப்பான அளவு. சத்தம் 3 டெசிபல் கூடும்போதெல்லாம் கேட்கக்கூடிய நேரம் பாதியாகிவிடும். அதாவது 78 டெசிபலுக்கு 20 மணி நேரம், 81-க்கு 10, 84-க்கு 5, 87-க்கு இரண்டரை மணி நேரம். சினிமாவுக்கென்று எழுதப்பட்ட கணக்கு இல்லையென்றாலும் நமக்கு இது ஓர் அளவுகோலாக உதவும். இரண்டரை மணி நேரப் படத்தின் சராசரி ஒலி 87 டெசிபலாக இருந்தால், உங்கள் மகள் அந்த வாரம் முழுவதற்குமான பங்கை ஒரே இருக்கையில் தீர்த்துவிடுகிறாள் என்று பொருள். உடனே காது கெட்டுவிடும் என்று பொருள் இல்லை. அதே சராசரியில் ஒன்றேகால் மணி நேரம் மட்டும் இருந்துவிட்டு வெளியே வந்தால் செலவு பாதிதான்.

எல்லாப் படமும் 87-ஐத் தொடுவதில்லை. வசனக் காட்சிகளில் ஒலி வெகுவாகத் தாழ்ந்திருக்கும். திரையரங்கின் ஒலியமைப்பைச் சரிபார்க்கும்போது திரைக்குப் பின்னுள்ள ஒவ்வொரு ஒலிபெருக்கியையும் சோதனை இரைச்சலில் 85 டெசிபலுக்கு நிறுத்துவது மரபு. அதற்கு மேல் 20 டெசிபல் வரை, அதாவது 105 வரை, உச்சச் சத்தங்களுக்கு இடம் விட்டிருப்பார்கள். வெடிச் சத்தத்துக்கான தாழ்ஒலிப் பெருக்கிக்கு இன்னும் கூடுதல் இடம் உண்டு. அந்த இடத்தை எவ்வளவு நிரப்புவது என்பது ஒலிக்கலவை செய்தவரின் கையிலும், ஆபரேட்டர் அறையில் உள்ள ஒலிக் குமிழிலும் இருக்கிறது. ரசிகர்கள் நிறைந்த முதல் நாளில் அந்தக் குமிழ் எந்தப் பக்கம் திரும்பும் என்பதை உங்கள் கணவரே சொல்வார். அன்றைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் விரலை வாயில் வைத்து அடிக்கும் விசிலும் உண்டு. ஒரு குழந்தையின் காதிலிருந்து இரண்டடி தூரத்தில் அடிக்கப்படும் விசில் சில சமயம் படத்தின் சத்தத்தையே மிஞ்சும்.

சிறு குழந்தையைப் பொறுத்தவரை சராசரியைவிடத் திடீர்த் தாவலே பெரிய தொல்லை. மெல்லிய குரலில் அம்மாவும் மகனும் பேசிக்கொண்டிருப்பார்கள். அடுத்த நொடியே கதவு உடைந்து நாயகன் நுழைவார். உரத்த சத்தம் வந்தால் காதுக்குள் இருக்கும் ஒரு சிறு தசை இறுகி, உள்ளே போகும் ஒலியை ஓரளவு மட்டுப்படுத்தும். ஆனால் அது இறுகுவதற்கு நொடியில் ஒரு சிறு பங்கு நேரம் தேவைப்படுகிறது, வெடிச் சத்தமோ அதற்குள் உள்ளே போய்விடுகிறது. பெரியவர்களுக்கு அந்தக் காட்சி வரப்போவது இசையிலேயே தெரியும். மூன்று வயதில் தெரியாது. இருட்டில், எங்கிருந்து வந்ததென்று புரியாமல், இருக்கையே அதிரும்படி ஒரு சத்தம் வந்தால் அழுவதைத் தவிர அவளுக்கு வேறு வழியில்லை.

பஞ்சும் தூக்கமும் பழக்கமும்

மாமியாரின் பேச்சில் அக்கறை இருக்கிறது, ஆனால் மூன்று இடங்களில் திருத்தம் தேவை. பஞ்சு மிகச் சில டெசிபல்களை மட்டுமே குறைக்கும். அதுவும் கீச்சென்ற ஒலிகளைத்தான். மார்பை அதிரவைக்கும் தாழ்ந்த ஒலியை அது தடுப்பதே இல்லை. குழந்தை அதை உள்ளே தள்ளிவிட்டாலோ, வாயில் போட்டுக்கொண்டாலோ அது தனித் தொல்லை. பெரியவர்கள் பயன்படுத்தும் ரப்பர், ஸ்பாஞ்சு அடைப்பான்களும் இந்த வயதுக் காதுத் துளைக்குப் பொருந்தா.

தூங்கிவிட்டால் பாதிப்பில்லை என்பதும் தவறு. கண்ணுக்கு இமை உண்டு, காதுக்கு இல்லை. உறங்கும் குழந்தையின் உட்காதில் உள்ள நுண்மயிர்ச் செல்கள் விழித்திருக்கும்போது எவ்வளவு சத்தத்தை வாங்குகின்றனவோ அவ்வளவையும் வாங்கிக்கொண்டேதான் இருக்கும். இந்தச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மறுபடி முளைப்பதில்லை. அதனால்தான் சத்தத்துக்குக் காது “பழகிவிடும்” என்று உங்கள் கணவர் சொல்வதையும் நான் ஏற்கவில்லை. மனம் பழகலாம், செல்கள் பழகுவதில்லை.

டெண்டு கொட்டகையைப் பற்றி ஒரு வார்த்தை. அங்கே படம் பார்த்து வளர்ந்தவர்களில் நானும் ஒருவன். பக்கவாட்டில் சுவர் இல்லை, சத்தம் வெளியே போய்விடும். திரைக்குப் பின்னால் மட்டும்தான் ஒலிபெருக்கி. எல்லாவற்றுக்கும் மேலாக, பல கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர் இருந்ததால் ரீல் மாற்றுவதற்காக ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளை விடுவார்கள். குழந்தைகள் மணலில் ஓடி விளையாடிவிட்டு வந்து மறுபடி உட்காருவோம். உங்கள் மாமியாரின் குழந்தைகள் படத்தை அரை மணி நேரத் துண்டுகளாகத்தான் பார்த்தார்கள் என்று அவரிடம் நினைவூட்டுங்கள். அடுத்து நான் சொல்லப்போவதை அவரே ஆமோதிப்பார்.

இரண்டே முக்கால் மணி நேரம் என்பது நான்கு மணி நேரம்

படம் 165 நிமிடம். விளம்பரங்களுக்கும் முன்னோட்டங்களுக்கும் ஒரு 15 நிமிடம், இடைவேளைக்கு இன்னொரு 15 நிமிடம் என்று வைத்தால் உள்ளே மட்டும் 195 நிமிடம். வண்டி நிறுத்துவது, வரிசையில் நிற்பது, வீடு திரும்புவது எல்லாம் சேர்ந்தால் நான்கு மணி நேரம். இரவு 10 மணிக் காட்சியென்றால் படம் முடிவது அதிகாலை ஒன்றேகாலுக்கு. மூன்று வயதுக் குழந்தைக்கு ஒரு நாளில் பகல் தூக்கத்தையும் சேர்த்து 10 முதல் 13 மணி நேர உறக்கம் தேவை. அன்றைய கணக்கில் பெரும் பள்ளம் விழும். மறுநாள் முழுவதும் அதன் எரிச்சலை நீங்கள்தான் சமாளிப்பீர்கள்.

உங்கள் மகளால் எவ்வளவு நேரம் உட்கார முடியும் என்று என்னிடம் கேட்பதைவிட அவளிடமே சோதித்துப் பார்ப்பது நல்லது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் சன்னல் திரையை இழுத்து விட்டு, அவள் இதுவரை பார்க்காத ஒரு குழந்தைகள் படத்தைத் தொலைக்காட்சியில் போடுங்கள். இடையில் நிறுத்தாதீர்கள், அவள் எழுந்தால் தடுக்கவும் வேண்டாம். எத்தனையாவது நிமிடத்தில் எழுந்து பொம்மையைத் தேடிப் போகிறாள், திரும்பி வருகிறாளா என்பதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். 25-ஆவது நிமிடத்தில் எழுந்து போய்த் திரும்பாத குழந்தையைத் தியேட்டரில் 80 நிமிடம் உட்காரவைக்க முடியாது. இன்னும் ஆறு மாதம் கழித்து மறுபடி சோதியுங்கள். 50 நிமிடம் தாண்டினாள் என்றால், நடுவில் ஒருமுறை சிறுநீர் கழிக்க அழைத்துச் சென்று, ஒரு முதல் பாதியை நிம்மதியாகக் கடத்திவிடலாம்.

படத்தின் உள்ளடக்கத்திலும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். இந்த வயதில் குழந்தைகள் கதையைக் கொண்டு பயப்படுவதில்லை, தோற்றத்தைக் கொண்டு பயப்படுகிறார்கள். வில்லன் சிரித்த முகத்தோடு எவ்வளவு கொடூரமாகப் பேசினாலும் அவளுக்கு ஒன்றும் தோன்றாது; நல்லவனே ஆனாலும் முகத்தில் ரத்தம் வழிந்தால் அலறுவாள். “அது சாயம்தான், பொய்தான்” என்ற விளக்கம் அந்த நேரத்தில் எடுபடாது. முகத்தைத் திருப்பி மார்போடு அணைத்துக்கொள்வதுதான் பலன் தரும்.

நான் சொல்லும் ஏற்பாடு

தீபாவளிப் படத்தை உங்கள் கணவர் நண்பர்களோடு முதல் நாளே பார்த்துவிட்டு வரட்டும். அவருக்குக் குறையும் இருக்காது, உங்களுக்கு ஓர் உளவாளியும் கிடைப்பார். செல்பேசியில் ஒலி அளக்கும் செயலி ஒன்றைப் போட்டு, அதில் LAeq என்று காட்டும் சராசரி அளவை முதல் பாதிக்குக் குறித்துவரச் சொல்லுங்கள். செல்பேசி மைக் சில டெசிபல்கள் முன்பின் காட்டும் என்றாலும், ஊரில் எந்தத் தியேட்டரில் சத்தம் குறைவு என்று ஒப்பிட அது போதும். செல்பேசியைத் திரைக்கு எதிரே தூக்கிப் பிடிக்க வேண்டாம். திரையரங்கில் படத்தைப் பதிவு செய்வதற்கு 2023-ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தம் குறைந்தது 3 மாதச் சிறைத் தண்டனை வைத்திருக்கிறது. ஒலி அளப்பது பதிவு செய்வதாகாது என்று இருட்டில் விளக்கிக்கொண்டிருக்க முடியாது. மடியில் கவிழ்த்து, மைக்கை மறைக்காமல் வைத்தாலே போதும்.

மகளுக்கு வேறு படம் தேர்ந்தெடுங்கள். யு சான்றிதழ் பெற்ற, இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற, பாட்டும் விலங்கும் உள்ள படமாக இருக்கட்டும். வெளியான இரண்டாவது வாரத்தில், வேலை நாளின் காலைக் காட்சிக்குப் போங்கள். கூட்டமும் விசிலும் இராது, அவளுடைய மதியத் தூக்கத்துக்கும் வீடு திரும்பிவிடலாம். உள்ளே நுழையும்போது மேலாளரிடம் சத்தத்தைக் கொஞ்சம் குறைக்க முடியுமா என்று கேளுங்கள். கேட்டதற்காக யாரும் வெளியே அனுப்புவதில்லை. பத்துப் பதினைந்து பேர் மட்டும் இருக்கும் காட்சியில் பெரும்பாலும் செய்தும் கொடுப்பார்கள்.

இருக்கையைப் பொறுத்தவரை, பின்னால் போகப் போகச் சத்தம் குறையும் என்று நினைத்துக் கடைசி வரிசையில் உட்கார வேண்டாம். திரைக்குப் பின்னுள்ள ஒலிபெருக்கிகளைவிட்டு விலகும்போது பின்சுவர் ஒலிபெருக்கிகளுக்கு அருகில் போய்விடுகிறீர்கள். நடுப்பகுதிக்குச் சற்றுப் பின்னால், பக்கச் சுவரை ஒட்டாமல், நடைபாதையோர இருக்கை சரியானது. மடங்கும் இருக்கையாக இருந்தால் 13 கிலோ எடையுள்ள குழந்தையோடு அது மேலே மடங்கிக்கொள்ளும். உங்கள் மடியில் வைத்துக்கொள்ளுங்கள், அல்லது ஓரத்தில் கையை ஊன்றிக்கொள்ளுங்கள். ஏசிக் குளிருக்கு ஒரு ஸ்வெட்டரும் வேண்டும்.

பஞ்சுக்குப் பதிலாக, தலைக்கு மேல் வளைந்து இரு காதுகளையும் முழுதாக மூடும் குழந்தைகளுக்கான ‘இயர் மஃப்’ வாங்குங்கள். பாட்டுக் கேட்கும் ஹெட்போன் வேறு, இது வேறு. அட்டையில் 22, 25 டெசிபல் குறையும் என்று போட்டிருக்கும்; குழந்தையின் தலையில் ஆடி அசைந்து இருக்கும்போது அதில் பாதியையாவது எதிர்பார்க்கலாம். 87 என்பது 75 பக்கம் வந்தாலே நமக்குப் போதுமானது. மூடியின் விளிம்பு தோலோடு ஒட்டியிருக்க வேண்டும். இடுக்கு விழுந்தால் சத்தம் அதன் வழியே புகுந்துவிடும் என்பதால் அன்றைக்கு ஜிமிக்கியைக் கழற்றிவிடுங்கள், தலைமுடியையும் மூடியின் அடியில் சிக்காமல் கட்டுங்கள். ஒரு வாரம் முன்பே வீட்டில் மிக்ஸி ஓடும்போது அவளே எடுத்து மாட்டிப் பழகட்டும். தியேட்டரில் முதன்முதலாக மாட்டிவிட்டால் பிய்த்து எறிவாள்.

மற்றபடி, விளக்கு எரியும்போதே உள்ளே போய்த் திரை, இருக்கை, வெளியேறும் கதவு எல்லாவற்றையும் காட்டுங்கள். விளம்பரங்களின் சத்தம் படத்தையே மிஞ்சுவதுண்டு என்பதால் அவை தொடங்கும் முன்பே இயர் மஃப் ஏறிவிட வேண்டும். வீட்டிலிருந்து கிளம்பும்போதே, “வெளிச்சம் வந்ததும் நாம் கிளம்பிவிடுவோம்” என்று அவளிடம் சொல்லிவிடுங்கள். 11 மணிக்குக் காட்சியென்றால், பன்னிரண்டேகால் வாக்கில் இடைவேளை வரும். பாப்கார்ன் பொட்டலத்தோடு வீட்டுக்கு நடையைக் கட்டுங்கள். அவள் இன்னும் பார்க்கலாம் என்று அடம்பிடித்தாலும் முதல்முறை அதுவே எல்லை. அரைப் படத்தோடு ஆசையாக வெளியே வந்த குழந்தை அடுத்தமுறை தானே கேட்பாள்; முழுப் படத்தையும் அழுது தீர்த்த குழந்தையை மறுபடி அந்த வாசலுக்கு அழைத்துப் போவது எவ்வளவு கடினம் என்பதை என்னிடம் வரும் பெற்றோர் பலர் சொல்லியிருக்கிறார்கள்.

அதற்கு முன்பே அவள் காதைப் பொத்தினாலோ, உங்கள் மேல் ஏறி முகத்தைப் புதைத்தாலோ ஒருவர் உடனே தூக்கிக்கொண்டு வெளியே போங்கள். “இதோ முடிந்துவிடும்” என்று காத்திருக்க வேண்டாம். வெளியே ஐந்து நிமிடம் நின்ற பிறகு உள்ளே போகலாமா என்று கேட்டு, அவள் மறுத்தால் அன்றைய படம் முடிந்தது.

டிக்கெட், பால், பணம்

பெரும்பாலான திரையரங்குகளில் 3 வயது நிறைந்தால் முழு டிக்கெட் எடுக்க வேண்டும். உங்கள் மகள் அந்தக் கோட்டைத் தாண்டிவிட்டாள். சான்றிதழில் உள்ள யுஏ 7+, 13+, 16+ என்ற புதிய பிரிவுகள் பெற்றோருக்கான வழிகாட்டுதல்தான், பெற்றோருடன் வரும் சிறுவயதினரைத் தடுக்கும் விதி அன்று. ஆகவே 13+ படத்துக்கு உங்கள் மகளை வாசலில் நிறுத்திவிடுவார்கள் என்று நம்பியிருக்க வேண்டாம். முடிவெடுக்கும் பொறுப்பு உங்கள் மேலேயே இருக்கிறது. ஏ சான்றிதழ் மட்டும் வேறு: 18 வயதுக்குக் கீழானவருக்குப் பெற்றோர் உடன் வந்தாலும் அனுமதி இல்லை.

உணவைப் பற்றி உச்ச நீதிமன்றம் 2023 ஜனவரியில் தெளிவாகச் சொல்லியிருக்கிறது. வெளி உணவைத் தடுக்கத் திரையரங்குக்கு உரிமை உண்டு. ஆனால் சுகாதாரமான குடிநீரை இலவசமாகத் தர வேண்டும், கைக்குழந்தைக்குப் பெற்றோர் நியாயமான அளவில் கொண்டுவரும் உணவைத் தடுக்கக்கூடாது. மூன்று வயதுக் குழந்தையைக் கைக்குழந்தை என்று வாதாடுவது கொஞ்சம் சிரமம்தான். ஆனாலும் சிறு டப்பாவில் இரண்டு இட்லியும் ஒரு பால் புட்டியும் குழந்தைக்கென்று சொன்னால் விட்டுவிடுவதையே நான் பார்த்திருக்கிறேன். பை நிறைய முறுக்கு கொண்டுபோனால் அந்தப் பேச்சு எடுபடாது.

குழந்தை அழுதது என்பதற்காகப் பணம் திரும்பக் கேட்கும் உரிமை உங்களுக்கு இல்லை. வாங்கும்போதே அரைப் படத்துக்கான விலை என்று நினைத்துக்கொண்டால் அழும் குழந்தையை உட்காரவைத்து மீதிப் பணத்தை வசூலிக்கத் தோன்றாது.

மிக்ஸிக்குக் காதைப் பொத்துவது

நீங்கள் கேட்காவிட்டாலும் இதையும் சொல்ல வேண்டும். இந்த வயதில் மிக்ஸி, குக்கர், கழிப்பறை ஃபிளஷ் ஆகியவற்றுக்குப் பயப்படுவது பரவலாகக் காணும் ஒன்று. பெரும்பாலும் பள்ளி செல்லும் வயதில் குறைந்துவிடும். அதை மட்டும் வைத்து எந்த நோய்ப் பெயரையும் நினைத்துக் கலங்க வேண்டாம். ஆனால் பேச்சு வயதுக்குப் பிந்தியிருந்தாலோ, பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாவிட்டாலோ, சத்தத்துக்குப் பயந்து விளையாட்டையும் பள்ளியையும் ஒதுக்கினாலோ, சினிமாவைத் தள்ளிவைத்துவிட்டுக் குழந்தைநல மருத்துவரைப் பாருங்கள். சளி பிடித்துக் காது வலிக்கும் வாரத்திலும் தியேட்டர் வேண்டாம்.

படம் பார்த்து வந்த அன்று “காதுக்குள் ஏதாவது கேட்கிறதா?” என்று கேட்டால் மூன்று வயதுக் குழந்தை எதற்கும் ஆமாம் என்றுதான் தலையாட்டும். நடத்தையைப் பாருங்கள். வழக்கத்தைவிட உரக்கப் பேசுகிறாளா, தொலைக்காட்சியில் சத்தத்தைக் கூட்டச் சொல்கிறாளா, காதைத் தேய்த்துக்கொண்டே இருக்கிறாளா என்று கவனியுங்கள். பெரும்பாலும் ஓரிரவு உறங்கி எழுந்தால் சரியாகிவிடும். மறுநாள் மாலையிலும் தொடர்ந்தால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் காட்டி, கேட்கும் திறன் சோதனை ஒன்று செய்துகொள்ளுங்கள்.